ஹெட்டிங், கன்கஷன்: சிறுவர் பயிற்சிக் கையேட்டுக்கு என்ன சொல் போடலாம்?

வேல்முருகன் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் ஊர்க் கழகத்தில் சிறுவர்களுக்குக் கால்பந்து பழக்குகிறவர்களுக்காகச் சின்னதாக ஒரு கையேடு தயாரிக்கிறோம். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2020 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்தான் அடிப்படை. அதன்படி 11 வயதுக்குட்பட்டோர் பிரிவு வரை பயிற்சியில் ஹெட்டிங், அதாவது பந்தைத் தலையால் அடிப்பது, கிடையாது. 12 வயதுப் பிரிவில் மாதம் ஒரு நாள், அன்றைக்கும் 5 தடவைக்கு மேல் இல்லை. 13 வயதுப் பிரிவில் வாரம் ஒரு நாள், அதே 5. பிறகு 16 வரை வாரம் ஒரு நாள், 10 தடவை.

ஹெட்டிங் என்பதற்கு ‘தலையடி’ என்றும், தலையில் அடிபட்டு மூளை தற்காலிகமாகத் தடுமாறும் கன்கஷனுக்கு ‘மூளை அதிர்ச்சி’ என்றும் போட்டிருந்தேன். “வாரத்துக்கு 10 தலையடிக்கு மேல் கூடாது” என்ற வரியைப் படித்த எங்கள் செயலாளர், “அப்போ 9 அடி பட்டால் பரவாயில்லையா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. மைதானத்தில் எல்லோரும் ‘ஹெட் பண்ணு’ என்றுதான் சொல்கிறார்கள், அப்படியே விட்டுவிடலாமா? கன்கஷனுக்கு அப்படி வழக்குச் சொல்லே இல்லை, அதுதான் பெரிய சிக்கல்.

புலவர் இளஞ்செழியன் எழுதியது:

தம்பி, பத்திரிகைகளில் ‘தலையால் முட்டி கோல் அடித்தார்’ என்று எழுதுகிறார்களே, அதைச் சுருக்கித் ‘தலைமுட்டு’ என்று கொள்ளலாம். கன்கஷனுக்கு ‘மூளைக் கலக்கம்’ பொருத்தமாக இருக்கும். கலங்குதல் என்றால் குழம்புதல். அடிபட்டவன் நிலையும் அதுதானே.

அல்பிரட், யாழ்ப்பாணம், எழுதியது:

நான் உதைபந்தாட்டத்தில் பின்வரிசை ஆட்டக்காரன். பிறகு கனகாலம் பிள்ளைகளைப் பழக்கினனான். சொல் பற்றிக் கேட்டால், ‘தலைமுட்டு’ எனக்குப் பிடிக்கேல்லை. 2006 உலகக் கிண்ண இறுதியில் சிடான் மத்தெராசியின் நெஞ்சில் முட்டினதையும் எல்லாரும் ‘தலையால் முட்டினார்’ என்றுதான் எழுதினவை. பந்தை முட்டுவது ஆட்டம், ஆளை முட்டுவது சிவப்பு அட்டை. இரண்டுக்கும் ஒரே சொல்லோ? ‘நெற்றியடி’ என்று வையுங்கோ. பிடிக்க வேண்டிய இடம் நெற்றிதான் என்று சொல்லே பிள்ளைக்குப் படிப்பிக்கும்.

கண்ணைத் திறந்து வைத்திருக்க வேணும், வாயை மூட வேணும், நாடியை உள்ளே இழுக்க வேணும். கழுத்தை இறுக்கி, இடுப்பிலிருந்து உடம்பை முன்னுக்குக் கொண்டுவந்து நாங்கள் பந்தை அடிக்க வேணும். பந்து எங்களை அடிக்க விடக்கூடாது. இப்படி வடிவாகப் பழகின பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. பழைய தோல் பந்து மழையில் தண்ணி குடித்துப் பாறாங்கல்லாகும். இப்போதைய பந்து அப்படியில்லை. ஆகவே இந்த 5, 10 என்ற கணக்குகள் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பயமாகத்தான் தெரியுது.

டாக்டர் கயல்விழி எழுதியது:

அல்பிரட் மாஸ்டர் சொன்ன நுட்பத்தில் ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை, அப்படியே கையேட்டில் போடலாம். ‘ஒன்றும் ஆகாது’ என்பதோடுதான் எனக்கு உடன்பாடில்லை.

பழைய பந்து தண்ணீர் குடித்தது உண்மை. ஆனால் உலர்ந்த நிலையில் அதன் எடை இன்றைய 5ஆம் எண் பந்தின் எடைதான், 410 முதல் 450 கிராம். இன்றைய பந்து நனைவதில்லை, அதற்குப் பதிலாக வேகமாக வருகிறது. இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச் அணிக்காக ஆடிய ஜெஃப் ஆஸ்டில் 2002இல் 59 வயதில் இறந்தபோது, பந்தைத் திரும்பத் திரும்பத் தலையால் அடித்ததால் வந்த தொழில் நோய் என்றே மரண விசாரணை முடிவு சொன்னது. அவர் நல்ல நுட்பத்துக்குப் பெயர் போனவர். 2019இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு, ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மூளை நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது பிறரைவிடச் சுமார் மூன்றரை மடங்கு அதிகம் என்றது. அதன் தொடர்ச்சியில் பின்வரிசை ஆட்டக்காரர்களுக்கு ஆபத்து மிக அதிகமாகவும், கோல்கீப்பர்களுக்குப் பொதுமக்களைப் போலவும் இருந்தது. தலையால் அடிப்பதுதான் ஒரே காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் யார் அதிகம் தலையால் அடிக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

நாம் இங்கே இரண்டு சங்கதிகளைக் கலக்கிறோம். கன்கஷன் பெரும்பாலும் பந்தால் வருவதில்லை. ஒரே பந்துக்கு இருவர் குதிக்கும்போது தலையும் தலையும் மோதுவது, முழங்கை படுவது, தரையில் விழுவது, இவற்றால் வருகிறது. 5, 10 என்ற வரம்பு அதற்காக வைத்ததல்ல. அறிகுறியே காட்டாத சின்னச் சின்னத் தாக்கங்கள் சேர்ந்துகொண்டே போவதைக் குறைக்கத்தான் அது. சிறுவர்களுக்கு உடம்பை ஒப்பிடத் தலை பெரிது, கழுத்துத் தசை பலமில்லாதது. நம்மூரில் கூடுதலாக இன்னொன்றும் உண்டு. 10 வயதுப் பையனுக்கும் பெரியவர்களின் 5ஆம் எண் பந்துதான் கையில் கிடைக்கிறது, அதையும் கல்லாகக் காற்றடித்து வைக்கிறார்கள்.

இந்தக் காரணத்தால்தான் ‘நெற்றியடி’யை எண்ணிக்கைக்கு வைக்க முடியாது. உச்சந்தலையிலும் காதோரத்திலும் பட்டதுதான் மோசமானது. அதையும் அந்த 5க்குள் எண்ண வேண்டும். ‘நெற்றியடி’ என்று எழுதினால், நெற்றியில் படாததைப் பயிற்சியாளர் கணக்கில் விட்டுவிடுவார்.

‘மூளைக் கலக்கம்’ வேண்டவே வேண்டாம், ஐயா. ‘மூளை கலங்கிப்போச்சு’ என்றால் பேச்சு வழக்கில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அப்படி எழுதிக் கொடுத்தால் பெற்றோர் மறைத்துவிடுவார்கள்.

நிர்மலா எழுதியது:

மன்னிக்கவும், சொல்லைப் பற்றி எனக்குத் தெரியாது. கன்கஷன் என்ற தலைப்பைப் பார்த்து எழுதுகிறேன். என் மகனுக்கு 13 வயது. போன ஞாயிறு ஆட்டத்தில் கார்னர் பந்துக்குக் குதித்தபோது இன்னொரு பையன் தலையோடு மோதிவிட்டான். மயங்கவில்லை, ரத்தமும் இல்லை. பயிற்சியாளர் தண்ணீர் தெளித்து, “மயக்கம் வரலையே, அப்புறம் என்ன?” என்று மறுபடி இறக்கிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் வெளிச்சம் கூசுது என்றான். தலைவலி நேற்று வியாழன் வரை இருந்தது, இன்று இல்லை. நாளை சனிக்கிழமை அரையிறுதி. அனுப்பலாமா?

டாக்டர் கயல்விழி எழுதியது:

அனுப்ப வேண்டாம், அம்மா. மருத்துவரை இன்னும் பார்க்கவில்லை என்றால் பார்த்துவிடுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கை கால் பலவீனம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

மற்றபடி, 2023இல் பிரிட்டன் பொது விளையாட்டுகளுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலை உங்கள் மகன் விஷயத்தில் போட்டுப் பார்க்கலாம். அடிபட்ட ஞாயிறு, நாள் 0. முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு. அதற்காக இருட்டறையில் படுக்க வைக்க வேண்டாம், மொபைலையும் டிவியையும் குறைத்தால் போதும். பிறகு மெல்ல நடை, கொஞ்சம் பள்ளி, அப்புறம் லேசான ஓட்டம். அதன் பின் யாரோடும் மோதாமல், தலையில் பந்து படாமல் தனிப் பயிற்சி. ஏதாவது ஒரு படியில் தலைவலி கூடினால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். தலையால் அடிப்பதும் மோதலுள்ள பயிற்சியும் அறிகுறியில்லாமல் 14 நாள் ஆன பிறகே. அவனுக்கு அறிகுறியில்லாத முதல் நாள் இந்த வெள்ளி, அதாவது 5ஆம் நாள். எனவே 18ஆம் நாள் வரை பொறுத்து, 19ஆம் நாள் வெள்ளிக்கிழமைதான் அந்தப் பயிற்சி. போட்டி எப்படியும் 21ஆம் நாளுக்கு முன் கிடையாது. இடையில் தலைவலி திரும்பினால் 14 நாளை முதலிலிருந்து எண்ண வேண்டும். அரையிறுதி போகட்டும்.

வேல்முருகன், உங்கள் கேள்விக்குப் பதில் இவர் மடலிலேயே இருக்கிறது. ‘மயக்கம் வரலையே’. 2014 உலகக் கோப்பை இறுதியில் ஜெர்மனியின் கிராமர் 17ஆம் நிமிடம் மோதி விழுந்தார். எழுந்து கால் மணி நேரம் போல ஆடினார். நடுவரிடம் போய், இது இறுதி ஆட்டம்தானா என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 31ஆம் நிமிடம் வெளியேறினார். ஓடிக்கொண்டிருப்பவனுக்கும் இது இருக்கலாம் என்று சொல் காட்ட வேண்டும். ‘அதிர்ச்சி’ என்றால் கெட்ட செய்தி கேட்டவன் நினைவுக்கு வருகிறான். ‘காயம்’ என்றால் பயிற்சியாளர் ரத்தத்தைத் தேடுவார். நான் நோயாளிகளிடம் ‘மூளை குலுங்கியிருக்கு’ என்கிறேன், உடனே புரிகிறது. ‘மூளைக் குலுக்கம்’ என்று வைக்கலாமே.

புலவர் இளஞ்செழியன் எழுதியது:

‘குலுக்கம்’ தளுக்கு நடையையும் குறிக்கும். ‘மூளை அதிர்வு’ இன்னும் கௌரவமாக இருக்கும். ஆனாலும் கலக்கத்தைக் கைவிட்டேன், டாக்டர் சொல்வது சரி.

அல்பிரட் எழுதியது:

டாக்டர் சொன்ன எண்ணிக்கை விஷயம் விளங்குது. அப்ப எண்ணுகிறதுக்குப் ‘பந்துமுட்டு’, படிப்பிக்கிறதுக்கு ‘நெற்றிமுட்டு’ என்று இரண்டாக வைப்பமே? சிடான் பிரச்சினையும் போய்விடும். ஒரு கேள்வி. 14 வயது வரை வாரத்துக்கு 10ஐத் தாண்டாத பிள்ளை, 15 வயதில் உயரமான முன்வரிசைக்காரனோடு கார்னருக்குக் குதித்தால் பாதுகாப்போ? பழகாதவன்தான் கண்ணை மூடிக்கொண்டு போய் மோதுவான்.

டாக்டர் கயல்விழி எழுதியது:

அது நல்ல கேள்விதான், மாஸ்டர். எனக்கும் முழுப் பதில் இல்லை. குதிக்கும் நேரம், கை வைக்கும் விதம், அடுத்தவன் எங்கே என்று பார்ப்பது, இவற்றைப் பந்து தலையில் படாமலே பழக்கலாம். குதித்துக் கையால் பிடிக்கச் சொல்லலாம். நெற்றியில் படும் இடத்தைப் பலூனிலும் ஸ்பாஞ்சுப் பந்திலும் பழக்கலாம், அதற்குக் கணக்கு வேண்டாம். நிஜப் பந்து என்றால் காற்றைக் குறைத்து, பக்கத்தில் நின்று கையால் தூக்கிப் போட வேண்டும். வரிசையாகப் பையன்களை நிறுத்தி கோல்கீப்பரை உதைக்கச் சொல்வதுதான் கூடாது. ஆனால் இது போட்டிக்குப் போதுமா என்றால், என்னால் உறுதி சொல்ல முடியாது.

வேல்முருகன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கையேட்டில் ‘பந்துமுட்டு’, ‘நெற்றிமுட்டு’, ‘மூளைக் குலுக்கம்’ மூன்றையும் போடுகிறேன். முதல் தடவை வரும் இடத்தில் ஹெட், கன்கஷன் என்றும் பக்கத்திலேயே இருக்கும். ஐயாவின் ‘அதிர்வு’ தோற்றுப்போகவில்லை, இரண்டு பயிற்சியாளர்களிடம் காட்டிப் பார்க்கிறேன்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. இங்கிலாந்தில் 2021 முதல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் பயிற்சியில் வாரம் 10 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அது எல்லா முட்டுக்கும் அல்ல, 35 மீட்டருக்கு மேல் வரும் பந்து, கிராஸ், கார்னர், ஃப்ரீ கிக் போன்று விசையோடு வருவதற்கு மட்டும். அதற்குத் தனிப் பெயர் வேண்டும். ‘வன்முட்டு’ என்று எழுதிப் பார்த்தேன், வன்முறை மாதிரி இருக்கிறது.

அல்பிரட் எழுதியது:

நாங்கள் அதைச் ‘சுடு பந்து’ என்றனாங்கள். புலவர் ஐயா ஒத்துக்கொள்ள மாட்டார்.