மாமாவின்ர பால் சிட்டை (குடும்பக் குழு)

நீர்வேலி மாமா, காலை 7.10
[படம்: சங்கச் சிட்டை]
போன கிழமை லீற்றருக்கு 164.89 போட்டவை, இந்தக் கிழமை 158.72. ரெண்டு முறையும் கொழுப்பு 4.0 எண்டுதான் எழுதிக் கிடக்கு. பிறகு எப்பிடிக் காசு குறையும்?

கோப்பாய் சித்தி, 7.14
அண்ணை, விலையைக் குறைச்சுப் போட்டினமோ? எங்கட மாட்டுக்கு கொழுப்பு 3.1 தான் வருது. புண்ணாக்குக் கூட வைச்சும் ஏறேல்லை.

பெரியண்ணை, 7.21
விலை குறைக்கேல்லை சித்தி. சிட்டையின்ர அடியைப் பாருங்கோ: கொழுப்பு கிலோவுக்கு 2000, எஸ்.என்.எவ், அதுதான் கொழுப்பு தவிர்ந்த மற்றத் திண்மங்கள், கிலோவுக்கு 1000. அது ரெண்டு கிழமையும் ஒண்டுதான். மாமாவுக்கு மாறினது எஸ்.என்.எவ். போன கிழமை 8.04, இப்ப 7.44.

நீர்வேலி மாமா, 7.23
அதை வைச்சு 158.72 எப்பிடி வருது?

பெரியண்ணை, 7.30
100 கிலோ பாலிலை கொழுப்பு 4 கிலோ. அப்ப ஒரு கிலோ பாலிலை உள்ள கொழுப்புக்கு 80 ரூபா. எஸ்.என்.எவ் 7.44க்கு 74.40. ரெண்டும் சேர்ந்து 154.40. இது ஒரு கிலோ பாலுக்கு. நீங்கள் ஊத்துறது லீற்றரிலை. ஒரு லீற்றர் பால் 1.028 கிலோ நிறுக்கும், அதாலை பெருக்கினா 158.72. இந்தப் பெருக்கலைச் சில இடங்களிலை விட்டிடுவினம், அதையும் பாக்க வேணும். உங்களுக்குச் செய்திருக்கினம்.

தம்பி, 7.33
எஸ்.என்.எவ் குறைஞ்சா தண்ணி கலந்திருக்கு எண்டுதானே அர்த்தம்? பாலின்ர அடர்த்தி பாக்கிற லக்ரோமீற்றர் இறங்கும்.

நீர்வேலி மாமா, 7.34
நான் ஒரு சொட்டுத் தண்ணியும் விடுறேல்லை.

பெரியண்ணை, 7.42
தம்பி சொல்லுறது பாதிதான் சரி. தண்ணி விட்டா கொழுப்பும் சேர்ந்து இறங்கும். 8.04ஐ 7.44 ஆக்கிற அளவுக்குத் தண்ணி விட்டிருந்தா, கொழுப்பு 4.0 இலை நிக்காது, 3.7க்கு வந்திருக்கும். கொழுப்பு அசையாமல் எஸ்.என்.எவ் மட்டும் விழுந்தா, நான் முதல்லை லக்ரோமீற்றர் வாசிச்ச விதத்தைத்தான் சந்தேகிப்பன். லக்ரோமீற்றர் வைச்சுப் பாக்கிற இடத்திலை எஸ்.என்.எவ்வை நேரா அளக்கிறேல்லை, கணக்குத்தான். LR எண்டது லக்ரோமீற்றர் வாசிப்பு, F எண்டது கொழுப்பு:

```
SNF = LR/4 + 0.2 × F + 0.14
```

7.44இலை இருந்து 0.8ஐயும் 0.14ஐயும் கழிச்சு நாலாலை பெருக்குங்கோ. 26 வரும். அப்ப லக்ரோமீற்றர் 26 எண்டு வாசிச்சு அப்பிடியே போட்டிருக்கினம்.

தம்பி, 7.44
அது பிழையோ அண்ணை?

பெரியண்ணை, 7.53
பால் சூடா இருந்தா ஐதாகும், லக்ரோமீற்றர் கீழை தாழும். 20 பாகைக்கு அடையாளமிட்ட லக்ரோமீற்றர் எண்டால், அதுக்கு மேலை ஒவ்வொரு பாகைக்கும் கிட்டத்தட்ட 0.2 கூட்ட வேணும். பால் 32 பாகையிலை இருந்தா 2.4 கூட்டி 28.4. அதை நாலாலை பிரிச்சா 7.1, மிச்சத்தையும் கூட்டினா 8.04. போன கிழமை எண் அப்பிடியே வருது பாருங்கோ. மாமா ஒரு நாளைக்கு 12 லீற்றர் ஊத்துறார் எண்டா, லீற்றருக்கு 6.17 வீதம் நாளுக்கு 74 ரூபா.

நீர்வேலி மாமா, 7.55
இந்தக் கிழமை பால் பாத்தது வேற பிள்ளை. வெப்பமானி வைச்சதை நான் காணேல்லை.

கோப்பாய் சித்தி, 7.57
என்ர 3.1க்கும் சூடுதான் காரணமோ?

பெரியண்ணை, 8.04
இல்லைச் சித்தி, உங்களுக்கு வேற. கடைசிப் பாலைக் கண்டுக்கு விடுறியளோ? முதல் பால் ஐது, மடியிலை மிஞ்சிற கடைசிப் பால்தான் கொழுப்பு நிறைஞ்சது. கண்டுக்கு முதல்லை குடிக்க விட்டு, பிறகு முழுதாக் கறந்து பாருங்கோ. புண்ணாக்கை மாத்த முதல் இதைச் செய்யுங்கோ. கண்டுக்குப் பால் காணாமல் போகவும் விடக்கூடாது.

தம்பி, 8.06
லக்ரோமீற்றர் கூடக் காட்டினா அப்ப நல்ல பால்தானே?

பெரியண்ணை, 8.11
அதுவும் இல்லை. ஆடை எடுத்த பாலும் கூடக் காட்டும், கொழுப்பு போனா மிச்சம் பாரமாகும். கொழுப்பையும் லக்ரோமீற்றர் வாசிப்பையும் சேர்த்துத்தான் பாக்க வேணும்.
மாமா, நாளைக்கு திரும்பப் பாக்கச் சொல்லுங்கோ. கறந்த கையோடை பாக்கக்கூடாது, நுரையும் காத்தும் இருக்கேக்கை வாசிப்புக் குறையும். கொஞ்ச நேரம் ஆற விட்டு, மெதுவாக் கலக்கி, வெப்பமானியும் வைச்சு, லக்ரோமீற்றர் வாசிப்பையும் பாலின்ர சூட்டையும் சிட்டையிலை எழுதச் சொல்லுங்கோ.
ஒண்டு மட்டும் தெரிய வேணும்: அந்த லக்ரோமீற்றரிலை எத்தினை பாகை எண்டு அடிச்சிருக்கு? 29 எண்டு அடிச்சதா இருந்தா 32 பாகைக்கு 0.6தான் கூட்டலாம், அப்ப என்ர கணக்கு நிக்காது.

நீர்வேலி மாமா, 8.13
பின்னேரம் போய்ப் படம் எடுத்துப் போடுறன்.