தாழ்வெப்பநிலையா, குளிர்வா? ஈன்ற குட்டிக்கு ஒரு சொல்

கையேடு தொகுப்பவர், கடலூர்

வணக்கம். பிறந்த செம்மறிக் குட்டியின் உடற்சூடு, இயல்பான 39–40 டிகிரியிலிருந்து 37-க்கும் கீழே இறங்கிவிடுவதைக் குறிக்கும் ‘ஹைப்போதெர்மியா’வுக்கு எங்கள் கையேட்டில் ‘தாழ்வெப்பநிலை’ என்று எழுதியிருந்தேன். கிடை போடும் பெரியவர் ஒருவருக்குப் படித்துக் காட்டியபோது, “புயல் எப்போது கரையைக் கடக்குமாம்?” என்று கேட்டார். ஐப்பசி தொடங்கியதுமே வானொலியில் காற்றழுத்தத் தாழ்வுநிலையைக் கேட்டுப் பழகிய ஊரில் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் வழக்கில் இது ‘சில்லிட்டுப் போதல்’. அதையே எடுத்துக்கொள்ளலாமா?

தமிழாசிரியர், விருத்தாசலம்

சில்லிடுதல் என்பதைப் பிணத்துக்கும் சொல்கிறோம். அச்சொல்லைப் படிப்பவர் குட்டி போய்விட்டது என்று கைவிட்டுவிடக்கூடும். ‘குளிர்நடுக்கம்’ என்பது எல்லோருக்கும் விளங்கும். வைத்தியமும் ஒன்றுதானே, அனலருகே வைத்தால் தெளிந்துவிடும்.

பாகூரிலிருந்து ஒரு வாசகி

கேள்வி எனக்குச் சரியாக விளங்கவில்லை. என் ஆட்டுக்குத் தலையும் ஒரு காலும் மட்டும் வெளியே தெரிந்து, ஒரு மணி நேரமாகக் குட்டி வரவில்லை. இழுக்கலாமா, கூடாதா என்று இங்கே கேட்கலாமா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், சிதம்பரம்

அம்மாவின் கேள்வி விலகியதன்று. நான் சொல்ல வந்ததும் அப்படியொரு ஈற்றிலிருந்துதான் தொடங்குகிறது. கார்த்திகை மழையில், புவனகிரிப் பக்கம், ஒரு செம்மறிக்குத் தலையும் ஒரு முன்காலும் மட்டும் வந்து நின்றன. மற்றக் கால் தோளோடு பின்னால் மடிந்திருந்தது. அந்த நிலையில் இழுத்தால் தோள் இடுப்பெலும்பில் சிக்கும். நகம் வெட்டி, கையைச் சோப்பால் கழுவி, எண்ணெய் தடவிக்கொண்டு, ஆடு முக்காத இடைவெளியில் தலையை மெல்ல உள்ளே தள்ளினேன். கழுத்தைத் தொடர்ந்து தோள், முழங்கால் என்று விரலால் தேடிக் குளம்பைப் பிடித்து, அது கருப்பையைக் கிழிக்காதபடி உள்ளங்கையால் மூடியே முன்னுக்குக் கொண்டுவந்தேன். பிறகு ஆடு முக்கும்போது மட்டும், அதன் கணுக்காலை நோக்கிச் சாய்வாகக் கீழே இழுத்தோம். தள்ளவும் முடியாமல் காலும் அகப்படாமல் போனால், அம்மா, அதற்குமேல் முயலாமல் மருத்துவரை அழையுங்கள்.

குட்டி இரண்டு கிலோ இருந்தது, எழவில்லை. அரை மணி கழித்து ஆசனவாயில் வெப்பமானி வைத்தால் 36.5 காட்டியது. வைக்கோலால் நன்றாகத் துவட்டி, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டிகளோடு பெட்டியில் வைத்தோம். சூடு ஏறி, விரலை வாயில் வைத்தால் சப்பத் தொடங்கியதும் சீம்பால் 100 மில்லி கொடுத்தோம். கிலோவுக்கு 50 மில்லி என்பது கணக்கு. பிழைத்தது.

மறுநாள் பக்கத்துக் கிடையில் ஒரு நாள் வயதுக் குட்டி. தாய்க்குப் பால் இல்லை. அதற்கும் அதே 36.5தான். என்னை அழைக்கும் முன்பே அடுப்படியில் கிடத்தியிருந்தார்கள். உடம்பு சூடானதும் கைகால் வெட்டி இழுத்து இறந்தது. பிறந்து ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வரை குட்டியின் உடலில் பிறவிக் கொழுப்பு இருப்பதால் ஈரத்தைப் போக்கி அனல் கொடுத்தால் போதும். அதன்பின் பால் குடிக்காத குட்டிக்கு அந்தச் சேமிப்பு தீர்ந்துவிடுவதால், சூட்டினால் விழித்துக்கொள்ளும் மூளைக்குச் சர்க்கரை கிடைப்பதில்லை. தலையைத் தூக்கக்கூட முடியாத அத்தகைய குட்டிக்கு, வெதுவெதுப்பான 20 சதவீதக் குளுக்கோஸ் கரைசலை கிலோவுக்கு 10 மில்லி வீதம் மருத்துவர் வயிற்றறைக்குள் செலுத்திய பிறகே அனல் காட்ட வேண்டும். வாயில் பால் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

ஆகவே ஒரே சொல் போதாது. ‘ஈரக்குளிர்வு’, ‘பசிக்குளிர்வு’ என்று இரண்டாகப் பிரிக்கலாம் என்பது என் கருத்து. ஆசிரியர் ஐயா சொல்லும் நடுக்கமோ, சூடு மிகவும் இறங்கிய குட்டியிடம் நின்றுபோயிருக்கும். நடுக்கம் இல்லையே என்று காத்திருப்பவர் குட்டியை இழப்பார்.

தமிழாசிரியர், விருத்தாசலம்

நடுக்கத்தை விட்டுவிடுகிறேன், அனலைப் பற்றி நான் சொன்னதும் பாதிதான் சரி. ஆனால் ‘குளிர்’ என்ற வேர் எனக்கு நெருடுகிறது. நமக்கு மோரும் இளநீரும் உடம்புக்குக் குளிர்ச்சி, அது நல்லது. ‘ஈரச்சூடிறக்கம்’, ‘பசிச்சூடிறக்கம்’ என்றால் இந்த மயக்கம் வராது.

கையேடு தொகுப்பவர், கடலூர்

சூடிறக்கம் என்றால் காய்ச்சல் தணிந்தது என்று மகிழ்வார்களே, ஐயா. தற்போதைக்கு மருத்துவர் தந்த இரண்டையும் போட்டு, பொதுச்சொல்லுக்கான இடத்தைக் காலியாக விடுகிறேன்.

பாகூரிலிருந்து ஒரு வாசகி

மருத்துவர் வந்து நீங்கள் சொன்னபடியே காலைத் திருப்பி எடுத்துவிட்டார். ஆனால் இரவில் யாரும் பார்க்காமல் ஈன்று, காலையில் ஈரமும் பசியுமாகக் கிடக்கும் குட்டி இரண்டில் எது?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், சிதம்பரம்

தொப்புள்கொடி ஈரமாக இருந்தால் பெரும்பாலும் புதிது. வாடத் தொடங்கியிருந்தால் நேரம் ஆகிவிட்டது. ஐயம் இருந்தால் பசிக்குளிர்வு என்றே கொள்ளுங்கள். புதுக்குட்டிக்கு அந்தக் குளுக்கோஸால் கெடுதல் இல்லை.