ஓரம் வெட்டுப்படும் ஸ்லைடு: தோற்ற விகிதமா, அகலவுயர விகிதமா?

கணினி ஆசிரியை, காரைக்குடி

அனைவருக்கும் வணக்கம். ஆசிரியர் பயிற்சிக்கான சிறு கையேடு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். அதில் 'ஆஸ்பெக்ட் ரேஷியோ' என்பதற்குத் 'தோற்ற விகிதம்' என்று எழுதியிருந்தேன். நேற்று அதைப் படித்த சக ஆசிரியை, "ஸ்லைடின் நிறத்தையும் எழுத்துருவையும் மாற்றுவதா?" என்று கேட்டார். அந்தச் சொல் அவரை அங்கேதான் கொண்டு போய் நிறுத்தியிருக்கிறது.

இந்தப் பகுதியை எழுதத் தூண்டியது என் வகுப்பறையில் நேர்ந்த ஒன்று. தனிம அட்டவணையைக் காட்டியபோது இடது ஓரத்தில் ஹைட்ரஜன் இருந்த நெடுவரிசையும், வலது ஓரத்தில் ஹீலியம் இருந்த நெடுவரிசையும் திரையில் வரவேயில்லை. மேலும் கீழும் எதுவும் குறையவில்லை. மடிக்கணினி 1366×768, புரொஜெக்டர் 1024×768, ஸ்லைடு 16:9. இதை விளக்க ஒரு நல்ல சொல் வேண்டும்.

தலைமையாசிரியர், திண்டுக்கல்

அம்மா, சொல்லைத் தேடுவதற்கு முன் தீர்வைச் சொல்லிவிடுகிறேன். `Design > Slide Size` சென்று `Standard (4:3)` என்று மாற்றுங்கள். எங்கள் பள்ளியில் அப்படித்தான் செய்தோம். திரை முழுவதும் நிறைந்தது, ஓரமும் வெட்டுப்படவில்லை. சொல்லைப் பொறுத்தவரை 'திரை அளவு' என்றாலே எல்லாருக்கும் புரியும்.

ஆய்வகப் பொறுப்பாளர், கோவை

ஐயா சொன்னது பலித்திருக்கும், ஆனால் அது பலித்த காரணம் வேறு. 'திரை அளவு' என்ற சொல்லை நான் மறுப்பதும் அதனால்தான்.

விகிதம் பொருந்தாவிட்டால் படம் வெட்டுப்படுவதில்லை. 16:9 படத்தை 4:3 புரொஜெக்டர் ஒழுங்காகக் காட்டினால் 1024×576 இடத்தில் படம் முழுவதும் வரும். மேலும் கீழும் 96 புள்ளி உயரத்துக்குக் கறுப்புப் பட்டை நிற்கும். ஓரம் வெட்டுப்படுகிறது என்றால், அந்தப் பட்டை தெரியக் கூடாது என்று புரொஜெக்டர் படத்தைப் பெரிதாக்குகிறது என்று பொருள். 768 உயரம் நிறைய வேண்டுமானால் அகலம் 1365 ஆக வேண்டும், இருப்பதோ 1024. இழப்பு 341, அதாவது ஸ்லைடின் அகலத்தில் கால் பங்கு. இடப்பக்கம் அரைக்கால், வலப்பக்கம் அரைக்கால். ஆசிரியையின் ஹைட்ரஜனும் ஹீலியமும் போன இடம் அதுதான்.

ஐயாவின் பள்ளியில் புரொஜெக்டர் இதே `Zoom` நிலையில் இருந்திருக்க வேண்டும். 4:3 ஸ்லைடை 16:9 மடிக்கணினி அனுப்பும்போது இடமும் வலமும் கறுப்புப் பட்டை சேர்கிறது. புரொஜெக்டர் வெட்டி எறிந்தது அந்தப் பட்டையைத்தான். அடுத்து வருபவர் 16:9 ஸ்லைடு கொண்டுவந்தால் பழையபடி ஓரம் போய்விடும். புரொஜெக்டரைச் சரிசெய்துவிட்டு ஸ்லைடை மட்டும் 4:3 ஆக்கினாலோ நான்கு பக்கமும் பட்டை விழுந்து, படம் 768×576 ஆகச் சுருங்கும். மடிக்கணினியின் வெளியீட்டையும் 1024×768 என்று மாற்றினால்தான் 4:3 ஸ்லைடு திரையை நிறைக்கும்.

எங்கே பிழை என்று அறிய ஸ்லைடை மூடிவிட்டு வெறும் டெஸ்க்டாப்பைக் காட்டிப் பாருங்கள். இடது மூலையில் உள்ள ஐகான்களும் வெட்டுப்பட்டால் ஸ்லைடு மென்பொருளைத் தொட வேண்டியதில்லை. ஆகவே கையேட்டுக்கு இரண்டு சொற்கள் வேண்டும்: விகிதத்துக்கு ஒன்று, ஓரம் போவதற்கு ஒன்று.

தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்

'ஆஸ்பெக்ட்' இலத்தீனில் 'பார்த்தல்' என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது. அந்த வேரைப் பிடித்துத்தான் யாரோ 'தோற்றம்' என்றார்கள். தமிழில் தோற்றம் என்றால் பிறப்பும் ஆகும், வடிவும் ஆகும், காட்சியும் ஆகும். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள உறவு மட்டும் அதில் இல்லை. என் பரிந்துரை 'அகலவுயரத் தகவு'. அகலமும் உயரமும் என்னும் உம்மைத்தொகையில் மகரம் கெட்டு, வகரம் உடம்படுமெய்யாக வருகிறது. 'விகிதம்' வடசொல், 'தகவு' தகு என்னும் அடியிலிருந்து வருவது. ஒன்றுக்கு ஒன்று தக்க அளவில் இருப்பதே தகவு.

மொழிபெயர்ப்பாளர், சென்னை

பேராசிரியரின் முதற்பாதியை மனமார ஏற்கிறேன், 'தகவு' வேண்டாம். 'தக்கார் தகவிலர்' என்ற குறளில் அது நடுவுநிலைமையைக் குறிக்கிறது. பழைய இயற்பியல் நூல்களில் விகிதம் என்ற பொருளில் அது வந்ததுண்டு என்றாலும், ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் படிப்பது 'விகிதம்'தான். தெரிந்த சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தெரியாத சொல்லை வைத்தால், கையேட்டைப் படிப்பவர் அந்த வரியிலேயே நின்றுவிடுவார்.

ஆசிரியர், யாழ்ப்பாணம்

எங்கள் வகுப்பிலும் இதே சிக்கல்தான். புரொஜெக்டரை மேசையில் வைத்து நிமிர்த்தினால், படம் மேலே அகன்று கீழே குறுகி விழுகிறது. இதற்கும் 'அகலவுயர விகிதம்' பொருந்துமா?

ஆய்வகப் பொறுப்பாளர், கோவை

பொருந்தாது. அது சாய்வால் வரும் கோணல். பெட்டியைத் தாழ்த்தியோ உயர்த்தியோ திரைக்கு நேராக வைத்தால் பெரும்பாலும் தீரும். மெனுவில் உள்ள `Keystone` அதற்காகத்தான் இருக்கிறது, ஆனால் அது படத்தைச் சுருக்கித் திருத்துவதால் சிறிய எழுத்தின் கூர்மை சற்றுக் குறையும்.

கணினி ஆசிரியை, காரைக்குடி

இன்று மதியம் சோதித்தேன். டெஸ்க்டாப்பின் இடது ஓரத்து ஐகான்களும் பாதியாகத்தான் தெரிந்தன. புரொஜெக்டர் ரிமோட்டில் `Aspect` பொத்தானை அழுத்தி `Zoom` என்பதை `Auto` ஆக்கினேன். ஹைட்ரஜன் வந்துவிட்டது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருக்கிறது. அது இருந்துவிட்டுப் போகட்டும்.

பிறகு ஒரு ஸ்லைடின் விளிம்பை ஒட்டிச் சிவப்புக் கோட்டால் சட்டமும், நடுவில் வட்டமும் வரைந்து பக்கத்து வகுப்புகளிலும் காட்டினேன். ஓர் அறையில் வட்டம் வட்டமாகவே இருந்தது, ஆனால் நான்கு பக்கமும் சிவப்புக் கோடு கொஞ்சம் கொஞ்சம் காணாமல் போயிருந்தது. இதுவும் `Zoom` செய்யும் வேலைதானா?

ஆய்வகப் பொறுப்பாளர், கோவை

இல்லை. இரு பக்கம் மட்டும் நிறையப் போனால் `Zoom`. நான்கு பக்கமும் ஒரே வீதத்தில் சிறிது போனால் `Overscan`. பழைய குழாய்த் தொலைக்காட்சிகள் படத்தின் ஓரத்தைத் திரைக்கு வெளியே விட்டுக் காட்டின. அந்த வழக்கத்தைச் சில புரொஜெக்டர்கள் எச்டிஎம்ஐ வழி வரும் படத்துக்கும் இன்னும் பின்பற்றுகின்றன. மெனுவில் அதைச் சுழியமாக்குங்கள். வட்டம் நீள்வட்டமாகியிருந்தால் அது படத்தை இழுத்து நிரப்புவதாகும்; அப்போது ஓரம் போகாது, உருவம் கெடும்.

தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்

ஸ்கேன் என்பதற்கு 'வருடல்' வழக்கில் உள்ளதால் 'மிகைவருடல்' எனலாம். வருடுதல் என்பது தடவுதல். மின்கற்றை திரையைத் தடவிச் செல்வதை இதைவிட அழகாகச் சொல்ல இயலாது.

மொழிபெயர்ப்பாளர், சென்னை

அழகுதான், ஐயா. ஆனால் இன்றைய புரொஜெக்டரில் அந்த மின்கற்றை இல்லை. ஆசிரியர் கண்ணால் காண்பது ஓரம் போவதை. 'ஓரவெட்டு' என்றால் போதும்.

தலைமையாசிரியர், திண்டுக்கல்

எங்கள் புரொஜெக்டரைப் பார்த்தேன். `Zoom` நிலையில்தான் இருந்தது. 'ஓரவெட்டு' எனக்குச் சரி.

கணினி ஆசிரியை, காரைக்குடி

'அகலவுயர விகிதம்', 'ஓரவெட்டு' இரண்டையும் கையேட்டில் இட்டுவிட்டேன். `Zoom`, `Overscan` இரண்டாலும் வருவதை 'ஓரவெட்டு' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கி, இரு பக்கமா நான்கு பக்கமா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சிவப்புச் சட்டமும் வட்டமும் கொண்ட ஸ்லைடு முதல் பக்கத்தில் வருகிறது.

தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்

இரண்டு காரணங்களுக்கு ஒரே சொல் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அடுத்த பதிப்பிலாவது 'மிகைவருடல்' தனியே இடம்பெற வேண்டும். 'தகவு' குறித்து விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.