பறவைக் கணக்கெடுப்பு இறுதி அறிக்கை: வெள்ளத்தால் பாதியில் நின்றதை எப்படி எழுதுவது?

குளத்தங்கரை

வணக்கம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே, வடகால், தென்கால் பாசனத்தில் இருக்கும் 20 குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ண ஒரு சிறிய அறக்கட்டளையிடம் 1,20,000 ரூபாய் வாங்கினோம். 2023 டிசம்பரில் ஒரு சுற்று, 2024 ஜனவரி கடைசியில் ஒரு சுற்று என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தோம்.

டிசம்பரில் 14 குளங்கள் முடிந்தன. மீதி ஆறை 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தோம். அன்றைக்குப் பெய்த மழை உங்களுக்கே தெரியும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அந்த ஆறுக்கும் போகவே முடியவில்லை. ஜனவரியில் போனபோது 20இல் மூன்று குளங்களில் கரை உடைந்து தண்ணீர் வெளியேறியிருந்தது, இரண்டுக்குப் பாதையே இல்லை. எண்ணிக்கை குறைந்துவிடக் கூடாதே என்று பக்கத்தில் வேறு நான்கு குளங்களை எண்ணினோம்.

மொத்தம் டிசம்பரில் 6,240 பறவைகள், ஜனவரியில் 8,910. குழுவில் ஒருவர் "வெள்ளத்துக்குப் பிறகும் பறவைகள் கூடியிருக்கின்றன என்று எழுதினால் அவர்களுக்கும் சந்தோஷம், நமக்கும் அடுத்த தவணை" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. குளங்களைப் பார்த்தவர்களுக்கு அது பொய் என்று தெரியும். ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது. அறிக்கையில் "விளைவுகள்", "திட்டத்திலிருந்து மாறியவை", "கற்றவை" என்று மூன்று தலைப்புகள் கொடுத்திருக்கிறார்கள். எதை எங்கே எழுதுவது?

புள்ளிமூக்கன்

டிசம்பரில் 14 குளம், ஜனவரியில் 22. மொத்தத்தை ஒப்பிட்டால் கூடத்தான் செய்யும். புதிதாகச் சேர்த்த நான்கையும் தள்ளிவிட்டு, ஒரு குளத்துக்கு எத்தனை என்று சராசரி போடுங்கள். சரியாகிவிடும்.

குளத்தங்கரை

போட்டுப் பார்த்தேன் அண்ணே. அப்போதும் 312இலிருந்து 328 ஆகக் கூடித்தான் இருக்கிறது. அதுதான் குழப்பமே.

மறுகால்

ஒரு கேள்வி. போகாத குளங்களுக்கு உங்கள் எக்செல் தாளில் என்ன போட்டிருக்கிறீர்கள்? கட்டத்தை வெறுமனே விட்டிருக்கிறீர்களா, 0 போட்டிருக்கிறீர்களா?

குளத்தங்கரை

0 தான் சார். தட்டச்சு செய்த தம்பி எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுகால்

அங்கேதான் சிக்கல். போய்ப் பார்த்து ஒரு பறவையும் இல்லை என்றால் அது 0. போகவே இல்லை என்றால் அந்தக் கட்டம் காலியாக இருக்க வேண்டும். எக்செல்லில் இந்தச் சூத்திரம் காலிக் கட்டத்தை விட்டுவிடும், ஆனால் 0 இருந்தால் அதையும் ஒரு குளமாக எண்ணி வகுத்துவிடும்:

```
=AVERAGE(B2:B21)
```

6,240ஐ 20ஆல் வகுத்தால் 312. நிஜமாகப் போன 14ஆல் வகுத்தால் 446. ஜனவரியில் மாற்றுக் குளங்களைத் தள்ளினால் 6,560 இருக்க வேண்டும், அதை 20ஆல் வகுத்துத்தான் 328 வந்திருக்கிறது. போன குளங்கள் 18 என்று வகுத்தால் 364. ஒரே தரவில் கூடியதும் குறைந்ததுமாக இரண்டு விடை.

ஆனால் 446, 364 என்றும் எழுதிவிடாதீர்கள். டிசம்பரின் 14 குளங்களும் ஜனவரியின் 18 குளங்களும் ஒரே குளங்கள் இல்லை. இரண்டு சுற்றிலும் போன குளங்களை மட்டும் தனியாக எடுங்கள். அவற்றில் கரை உடைந்தவை, உடையாதவை என்று பிரித்துப் போட்டு இங்கே சொல்லுங்கள். இன்னொன்று, உடைந்த மூன்றில் எதிலாவது நிஜமான 0 இருக்கிறதா? இருந்தால் அதை அழித்துவிடக் கூடாது. இந்த அறிக்கையிலேயே மதிப்புள்ள எண் அதுவாகக்கூட இருக்கலாம்.

சேது நாட்டான்

எங்கள் பக்கம் ராமநாதபுரத்தில் இதற்கு நேர் எதிர். மழை இல்லாமல் கண்மாய் வறண்டு ஒரு வருடம் கணக்கெடுப்பே நடக்கவில்லை. நிதி கொடுத்தவர்களுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி ஒரு வருடம் தள்ளி வைத்தோம், ஒத்துக்கொண்டார்கள். நீங்களும் நீட்டிப்புக் கேளுங்கள். இந்த வருடத் தரவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மறுகால்

உங்களுக்கு ஒரு சுற்றுகூட நடக்கவில்லை. இவர்களிடம் வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் எண்ணிய குளங்கள் கையில் இருக்கின்றன. திட்டம் போட்டாலும் கிடைக்காத தரவு அது, அதை ஏன் தள்ளிப்போட வேண்டும்?

குளத்தங்கரை

உட்கார்ந்து பிரித்துவிட்டோம். இரண்டு சுற்றிலும் போனவை 13 குளங்கள். டிசம்பரில் 5,900, ஜனவரியில் 4,130.

உடைந்த மூன்றும் இந்த 13க்குள்தான் வருகின்றன. அவற்றில் மட்டும் 2,100 இருந்தது 640 ஆகிவிட்டது. ஒன்றில் நிஜமாகவே 0, முழுக்க மணல் மூடிக் கிடக்கிறது. உடையாத பத்தில் 3,800 இருந்தது 3,490.

புள்ளிமூக்கன்

அப்படியானால் எளிது. "வெள்ளத்தால் பறவைகள் 30 சதவீதம் குறைந்தன" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். செய்தித்தாளுக்கும் கொடுக்கலாம்.

மறுகால்

30 என்ற கணக்கு சரி, அந்த வாக்கியம்தான் சரியில்லை. குறைந்தது 1,770. அதில் 1,460 உடைந்த மூன்று குளங்களில் மட்டும். மற்ற பத்தில் குறைந்தது 8 சதவீதம்போல. ஒரு குளத்தை ஒரே ஒரு தடவை எண்ணும்போது, ஒரு நீலச்சிறகிக் கூட்டம் அன்று காலை பக்கத்துக் குளத்தில் இறங்கியிருந்தால்கூட அவ்வளவு வித்தியாசம் வரும். அதனால் "உடையாத பத்துக் குளங்களில் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் தெரியவில்லை, உடைந்த மூன்றில் பெரும் சரிவு" என்பதுவரைதான் உங்கள் தரவு போகும். அந்தப் பறவைகள் செத்தனவா, இடம் மாறினவா என்றும் அதில் தெரியாது. வெள்ளத்துக்குப் பிறகு வயலெல்லாம் தண்ணீர் நின்றது, அங்கே போயிருக்கலாம். நீங்கள் வயலை எண்ணவில்லை.

அப்புறம், அந்த 640இல் என்னென்ன பறவைகள்?

குளத்தங்கரை

பெரும்பாலும் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கொக்கு. அவையெல்லாம் சேர்ந்து டிசம்பரில் 90 தான் இருந்தன, ஜனவரியில் 560. நாமக்கோழியும் வாத்துகளும் அடியோடு போய்விட்டன. உடைப்புக்குக் கீழே குட்டை குட்டையாகத் தேங்கிய தண்ணீரில் மீன் துள்ளிக்கொண்டிருந்தது, நாரைகள் வரிசையாக நின்றன. ஆட்களும் கூடையோடு நின்றார்கள்.

மறுகால்

இதை விட்டுவிட்டு மொத்தத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களே! ஆழத் தண்ணீரில் நீந்தி மேய்பவை போய், சேற்றிலும் குட்டையிலும் நின்று மேய்பவை வந்திருக்கின்றன. மொத்த எண் இரண்டையும் கூட்டிக் கழித்து மறைத்துவிடும். "விளைவுகள்" பகுதியில் இதற்கு ஒரு பத்தி கொடுங்கள், உடைந்த மூன்று குளங்களுக்கும் பறவை வகைவாரியாக ஒரு சின்ன அட்டவணை. நாரைகள் அங்கே நிலைக்காது, குட்டை வற்றியதும் போய்விடும் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் உடைப்பு நாரைக்கு நல்லது என்று யாராவது படித்துக்கொள்வார்கள்.

மாற்றுக் குளங்கள் நான்கையும் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

குளத்தங்கரை

உண்மையைச் சொன்னால், சாலையிலிருந்து பார்க்கும்போதே பறவை நிறையத் தெரிந்த குளங்கள். நான்கிலும் சேர்த்து 2,350.

மறுகால்

அப்படி எடுத்தால் எண் கூடத்தானே செய்யும். தூக்கிப் போட வேண்டாம், பிற்சேர்க்கையில் தனி அட்டவணையாக வையுங்கள், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். முதன்மை மொத்தத்தில் மட்டும் சேர்க்காதீர்கள். ஜனவரியில் மட்டும் போன ஐந்து குளங்களும் அதே மாதிரி தனியாக இருக்கட்டும். அடுத்த வருடம் எண்ணினால் அவை அடிப்படைத் தரவாக உதவும்.

பேரேடு

பறவை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தொண்டு நிறுவனக் கணக்கு பார்ப்பவன். பணத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லையே. "மாறியவை" பகுதியில் நிதி கொடுப்பவர் முதலில் தேடுவது அதைத்தான். டிசம்பரில் ஆறு குளங்களுக்குப் போகாததால் வண்டி வாடகை மிஞ்சியிருக்கும். அது எங்கே போனது?

குளத்தங்கரை

மாற்றுக் குளங்களுக்கான வண்டிக்குக் கொஞ்சம் போனது. 11,000 இன்னும் வங்கியில் இருக்கிறது. அதில் தொலைநோக்கிக்கு ஒரு முக்காலி வாங்கிவிடலாம் என்று குழுவில் பேச்சு.

பேரேடு

வாங்கிவிட்டு எழுதாதீர்கள், எழுதிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஒப்பந்தக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை சதவீதம்வரை அனுமதி இல்லாமல் மாற்றலாம் என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். வண்டி வாடகை நடப்புச் செலவு, முக்காலி பொருள். சில இடங்களில் பொருள் வாங்கவே அனுமதி கிடையாது. திட்டக் காலம் முடிந்த தேதிக்குப் பிறகு ரசீது வந்தால் ஆடிட்டர் யூசி என்கிற நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டார்.

அறிக்கைக் கணக்கில் ஒவ்வொரு தலைப்புக்கும் ஒதுக்கியது, செலவானது, வித்தியாசம், காரணம் என்று நான்கு நெடுவரிசைகள் போதும். காரணம் என்ற இடத்தில் "வெள்ளம்" என்று மட்டும் போடாமல் "டிசம்பர் 17இல் ஆறு குளங்களுக்குப் பயணம் இல்லை" என்று எழுதுங்கள். பறவை அட்டவணையில் ஆறு காலிக் கட்டம், வண்டிச் செலவில் ஆறு பயணம் குறைவு. இரண்டும் பொருந்தினால் படிப்பவர் நம்புவார்.

சேது நாட்டான்

மிச்சப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே மரியாதை. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

பேரேடு

கேட்காமல் திருப்பி அனுப்பினாலும் சிலருக்குத் தொல்லைதான், அவர்களுடைய கணக்கை மூடியிருப்பார்கள். கேட்டுவிட்டுச் செய்யட்டும்.

குளத்தங்கரை

"மாறியவை" பகுதிக்கு ஒரு வரைவு எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"திட்டமிட்ட 40 குளப் பார்வைகளில் 32 நடந்தன. டிசம்பர் 17, 18 வெள்ளத்தால் முதல் சுற்றில் ஆறு குளங்களுக்கும், பாதை துண்டிக்கப்பட்டதால் இரண்டாம் சுற்றில் இரண்டு குளங்களுக்கும் செல்ல இயலவில்லை. இவை அட்டவணையில் காலியாக விடப்பட்டுள்ளன. இரண்டாம் சுற்றில் திட்டத்தில் இல்லாத நான்கு குளங்கள் கூடுதலாக எண்ணப்பட்டன. சாலையிலிருந்து பறவைகள் தெரிந்ததால் அவை தேர்ந்தெடுக்கப்பட்டன. எனவே ஒப்பீட்டில் சேர்க்கப்படவில்லை."

"கற்றவை" பகுதிதான் இன்னும் வரவில்லை. "மக்களிடையே விழிப்புணர்வு ஏற்பட்டது" என்று ஆரம்பித்து நிற்கிறது.

மறுகால்

வரைவு நன்றாக இருக்கிறது, அப்படியே அனுப்பலாம். விழிப்புணர்வை அடித்துவிடுங்கள், அது நீங்கள் கற்றது இல்லை. அடுத்த தடவை எதை வேறு மாதிரி செய்வீர்களோ அதை எழுதுங்கள். கள எண்ணிக்கைத் தாளில் "போனோமா" என்று ஒரு கட்டம், "தண்ணீர் எவ்வளவு" என்று ஒரு கட்டம். மாற்றுக் குளங்களை நவம்பரிலேயே சீட்டுக் குலுக்கிப் போட்டு வரிசையாக எழுதி வைத்துக்கொள்வது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் அடிக்கும் என்பதால், முதல் சுற்றின் கடைசி நாளுக்கு ஆறு குளங்களை மிச்சம் வைக்காமல் இருப்பது. ஒவ்வொரு குளத்துக்கும் நீர்பாய்ச்சியின் தொலைபேசி எண் கையில் இருந்திருந்தால் ஜனவரியில் பாதை இல்லாத இரண்டு குளங்களுக்கு வண்டி எடுத்துக்கொண்டு போய்த் திரும்பியிருக்க மாட்டீர்கள். இந்த நான்கு போதும்.

புள்ளிமூக்கன்

உடைந்த குளங்களின் பெயரைப் போடலாமா? கரை வேலை நடக்கும் இடத்தில் ஊர்க்காரர்கள் கோபப்படுவார்கள்.

குளத்தங்கரை

அதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. அறக்கட்டளைக்குப் பெயரோடு, பொதுவில் வைக்கும் பிரதியில் எண் மட்டும் என்று இப்போதைக்கு வைத்திருக்கிறோம். முக்காலிக்கு அனுமதி கேட்டு மின்னஞ்சல் போட்டாயிற்று, இன்னும் பதில் இல்லை.