கலைச்சொல் வேண்டும்: படத்தில் பதியவே பதியாத பகுதிக்கு

அனுப்புநர்: தாமரைச்செல்வி

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் போட்டோ டச்சிங் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர்களுக்கு ரசீதோடு கொடுக்க ஒரு பக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல் கிடைக்காமல் அது பாதியில் நிற்கிறது.

அண்மையில் வந்த ஒரு வேலையைச் சொன்னால் கேள்வி புரியும். ஒரு வீட்டில் தாத்தா தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு 12க்கு 15 அங்குலத்தில் பிரேம் போட்ட படம் வேண்டும். மகள் கொண்டுவந்தது கிரகப்பிரவேசத்தில் எடுத்த குரூப் போட்டோ. வாட்ஸ்ஆப் வழியாக வந்தது, 1600 பிக்சல் அகலம். பின்வரிசையில் 14 பேர், அதில் தாத்தா ஒருவர். அவர் முகத்தின் அகலம் 45 பிக்சல்தான்.

பிரேமுக்குள் முகம் ஐந்து அங்குல அகலத்துக்காவது வரவேண்டும். அச்சில் நன்றாக வர அதற்கு 1500 பிக்சல் தேவை. அதாவது இருக்கும் ஒவ்வொரு பிக்சலையும் ஆயிரத்துச் சொச்சம் பிக்சலாக விரிக்க வேண்டும். முக அகலத்தில் கண் ஐந்தில் ஒரு பங்கு என்று ஓவியர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் இந்தப் படத்தில் ஒரு கண்ணுக்கு ஒன்பது பிக்சல், கருவிழிக்கு மூன்றோ நான்கோ. நெற்றியில் வெயில் நேராக அடித்ததால் திருநீற்றுப் பட்டை தெரியவில்லை. அங்கே எங்கே தொட்டாலும் முழு வெள்ளைக்கான 255, 255, 255 என்றே காட்டுகிறது.

மகள் கேட்டது இரண்டு. "பட்டை தெரியிற மாதிரி கொஞ்சம் டார்க் பண்ணுங்க. இடது கண்ணுக்குக் கீழ ஒரு மச்சம் இருக்கும், அதை எடுத்துக் காட்டுங்க." படத்துக்குள் அவை ஒளிந்திருக்கின்றன, எனக்கு எடுக்கத் தெரியவில்லை என்றுதான் அவருக்குப் படுகிறது. "டீடெய்ல் லாஸ்" என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்க எதையோ தொலைச்சிட்டீங்களா?" என்ற மாதிரி பார்க்கிறார். துக்கத்தில் இருப்பவரிடம் நீளமாக விளக்கவும் முடியாது. ஒரே சொல்லில் சொல்ல ஏதாவது இருக்கிறதா?

அனுப்புநர்: கார்த்திக்

இதற்குப் புதுச்சொல் தேவையா தாமரை? "ஓவர் எக்ஸ்போஸ்" என்றால் இப்போது எல்லோருக்கும் புரிகிறது. கேமராவில் ஜேபெக்காக இல்லாமல் ரா கோப்பாக எடுத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வராது. நான் கல்யாணம் எல்லாமே ரா கோப்பாகத்தான் எடுக்கிறேன். ஹைலைட் ஸ்லைடரை இடது பக்கம் இழுத்தால் வெள்ளை வேட்டியின் மடிப்பெல்லாம் திரும்பி வந்துவிடும்.

அனுப்புநர்: ஆல்பர்ட்

கார்த்திக் தம்பி, உங்கள் வேட்டி மடிப்பு எங்கிருந்தும் திரும்பி வரவில்லை. அது அங்கேயேதான் இருந்தது. ஜேபெக் ஆக்கும்போது கேமரா மேல்பகுதியைக் கொஞ்சம் நறுக்கிவிடும், ராவில் அது நறுக்கப்படாமல் இருக்கும், அவ்வளவுதான். கேமராவைப் பொறுத்து ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு ஒளி வரை, சில சமயம் இன்னும் சற்று. அதற்கு மேல் வெளிச்சம் விழுந்தால் ராவும் கைவிரித்துவிடும். சென்சாரில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. நிறைந்த பிறகு எவ்வளவு ஒளி வந்தாலும் ஒரே எண்தான். 14 பிட் கேமராவில் அந்த உச்சி 16,383. பட்டையும் உச்சி, பட்டைக்கு இடையில் உள்ள தோலும் உச்சி என்றால் இரண்டையும் பிரித்துக் காட்ட ஒன்றுமில்லை.

"ஓவர் எக்ஸ்போஸ்" வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நான் டார்க்ரூமில் வளர்ந்தவன். கலர் நெகட்டிவில் ஒளி அதிகமாகிவிட்டால் அந்த இடம் அடர்த்தியாகும். பிரிண்டில் அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் நேரம் வெளிச்சம் காட்டினால் பட்டை, பூணூல், மல்லிகைப்பூ எல்லாம் வந்து நிற்கும். எங்களுக்குக் கண்டம் நிழலில்தான். ஒளி போதாத இடம் நெகட்டிவில் வெறும் பிலிமாக, கண்ணாடிபோல் தெரிந்தால் அதில் எதுவும் இல்லை. பென்சில் டச்சிங்தான் வழி. டிஜிட்டலில் தலைகீழ். நிழலில் புள்ளி புள்ளியாக இரைச்சலோடாவது ஏதாவது இருக்கும், வெள்ளையில்தான் எதுவும் இருக்காது. ஆகவே வெள்ளை, வெளிறல், எரிதல் என்று வருகிற சொல் எதுவும் ஒத்துவராது. தாமரை சொன்ன மச்சத்தைப் பாருங்கள். அது எரியவும் இல்லை, இருட்டவும் இல்லை. ஒரு பிக்சலைவிடச் சிறியது, பக்கத்துத் தோலோடு கலந்து ஒரே நிறமாகிவிட்டது. போதாததற்கு ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் சுருக்குகிறது. ஒன்பது பிக்சல் கண் ஏறத்தாழ ஒரு கட்டம். அதற்குள் இமைமுடியைத் தேடுவது வீண் வேலை.

நெற்றி, நெகட்டிவ் நிழல், மச்சம் மூன்றுக்கும் பொருந்துகிற ஒரு சொல் வேண்டும்.

அனுப்புநர்: ரமணி

தாமரை மேடம், என் தங்கை கல்யாண போட்டோவும் இப்படித்தான் கார்டை பார்மட் பண்ணியதும் போய்விட்டது. போட்டோரெக் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. அதற்குப்பின் கார்டில் வேறு எதுவும் எடுக்காமல் வைத்திருந்ததால் நிறையப் படங்கள் கிடைத்தன. தாத்தா படத்துக்கும் முயன்று பாருங்கள். சொல்லுக்கு "தரவு மீட்பு" இருக்கிறதே.

அனுப்புநர்: நன்மாறன்

ரமணி அம்மா சொன்னது வேறு சிக்கல் என்றாலும் நமக்கு ஓர் உதவி செய்கிறது. கார்டிலிருந்து அழிந்த படம் முன்பு இருந்தது, அதனால் மீட்கலாம். "இழப்பு", "மறைவு", "சிதைவு" எல்லாமே முன்பு இருந்ததைச் சொல்கிற சொற்கள். அவற்றைக் கேட்டதும் அடுத்த கேள்வியாக "அப்ப மீட்டுக் கொடுங்க" என்றுதான் வரும். வாடிக்கையாளர் தப்பாகப் புரிந்துகொள்வதற்கு அந்தச் சொற்களும் காரணம்.

முடிவிலி, உயிரிலி போல "பதிவிலி" என்று ஒன்று சொல்லிப் பார்க்கிறேன். பதிவு இல்லாதது. "நெற்றி பதிவிலிப் பகுதி." சுருக்கமாக இருக்கிறது, வெள்ளை, நிழல் என்று எந்த ஒரு வகையோடும் கட்டிப்போடுவதில்லை.

அனுப்புநர்: ஆல்பர்ட்

ஐயா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் "பதிலி" என்று கேட்டுவிடும். பதிலி என்றால் ஒன்றுக்குப் பதிலாக வைப்பது. நாங்கள் நெற்றியில் பட்டை வரைந்து வைத்தால் அதுதான் பதிலி. இரண்டையும் ஒரே ரசீதில் எழுதினால் குழப்பம் வரும்.

அனுப்புநர்: தாமரைச்செல்வி

நன்மாறன் ஐயாவின் "இலி" எழுத்தில் நன்றாக இருக்கிறது, கவுன்டரில் சொன்னால் யாரும் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். "பதிதல்" என்ற வேரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ரேஷன் கடையில் "ரேகை பதியல" என்று சொல்லாத ஆள் இல்லை. விரல் வைத்தோம், மெஷின் எடுத்துக்கொள்ளவில்லை. யாரும் எதையும் தொலைக்கவில்லை. "ஐயா நெற்றி பதியலைம்மா" என்று அந்த மகளிடம் சொன்னபோது உடனே புரிந்துகொண்டார். ரேகை பதியாவிட்டால் மறுபடி விரல் வைக்கலாம், இங்கே அது இல்லை. அதைச் சொல்லும் தேவையே வரவில்லை, அவரே தலையசைத்தார்.

ஆகவே என் முன்மொழிவு: அழியா மை போல, பதியாப் பகுதி. சிறு விவரங்களுக்குப் பதியா விவரம்.

சொல் மட்டும் போதாது, கண்ணில் காட்டவும் வேண்டும். நான் செய்வது இது. அவர் எதிரிலேயே படத்தை இரண்டு ஸ்டாப் இருட்டாக்குவேன். பக்கத்து வேட்டியில் மடிப்பு மேலெழுந்து வரும். நெற்றி மட்டும் சுண்ணாம்புப் பூச்சு மாதிரி ஒரே சாம்பலாக நிற்கும். லைட்ரூமில் டெவலப் பக்கத்தில் `J` அழுத்தினால் அந்த இடம் சிவப்பாகவும் தெரியும். ஆனால் பார்வர்ட் ஆகி வந்த படத்தில் அதை நம்ப வேண்டாம். யாரோ ஏற்கெனவே வெளிச்சத்தைக் குறைத்திருந்தால் 255 என்பது 238 ஆகியிருக்கும், சிவப்பு காட்டாது, பதியாத இடம் பதியாததாகவேதான் இருக்கும். அருகருகே உள்ள பிக்சல்கள் எல்லாம் ஒரே எண்ணாக இருக்கிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.

இனி இரண்டாவது சொல். அந்தப் படத்தில் நான் பட்டை போடலாம், மச்சமும் வைக்கலாம். ஆனால் அது படத்திலிருந்து வரவில்லை, மகளின் நினைவிலிருந்து வருகிறது. போன் ஆப்பில் போட்டால் தெளிவான கண் வரும். அந்தக் கண் தாத்தாவுடையது என்று சொல்ல ஆதாரம் இல்லை. ரசீதில் "மீட்பு" என்று ஒரு வரி, "இட்டுநிரப்பல்" என்று ஒரு வரி, தனித்தனியாக விலையோடு போட விரும்புகிறேன். இட்டுநிரப்பலுக்கு வீட்டார் யார் சொல்லிச் செய்தது என்பதையும் எழுதிவிடலாம்.

அனுப்புநர்: நன்மாறன்

பதியாப் பகுதி எனக்குச் சம்மதம். "இட்டுநிரப்பல்" என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. "இட்டுக்கட்டுதல்" காதில் விழும். அப்பாவின் முகத்தில் இட்டுக்கட்டினோம் என்பதுபோல் ஆகிவிடக் கூடாது. "வரைந்து சேர்த்தது" என்றே எழுதலாமே?

அனுப்புநர்: ஆல்பர்ட்

அந்த வரிக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்க வேண்டும், தாமரை. வேறு எங்காவது பதிந்திருக்கிறதா? போட்டோ எடுத்தவரின் போனில் மூலக்கோப்பு இருந்தால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். பழைய பாஸ்போர்ட் சைஸ் படம் இருந்தால் இன்னும் நல்லது. 35 மில்லிமீட்டர் அகலப் படத்தில் முகம் 20 மில்லிமீட்டர் இருக்கும். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 450 பிக்சலுக்கு மேல். உங்கள் 45க்குப் பத்து மடங்கு. நெகட்டிவிலிருந்து போட்ட பிரிண்டாக இருந்தால் அதில் உண்மையான விவரமே இருக்கும். இப்போதைய மெஷினில் 300 டிபிஐயில் அடித்தது என்றால் 600இல் ஸ்கேன் செய்து புதிதாக எதுவும் கிடைக்காது, பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அப்போதும் 225க்கு மேல்.

அனுப்புநர்: தாமரைச்செல்வி

ஐயா, நீங்கள் சொல்வதற்கு முன்பே கேட்டிருந்தேன். பென்ஷன் புத்தகத்தில் ஒட்டியிருந்த படம் ஒன்று கிடைத்தது. மச்சம் அதில் தெளிவாக இருக்கிறது. முகம் பத்து வருடம் இளையது. மகள் "இதையே போட்டுடுங்க" என்றுவிட்டார். நெற்றியில் பட்டையும் இருக்கிறது.

அனுப்புநர்: கார்த்திக்

ஆல்பர்ட் அண்ணா சொன்னதற்குப்பின் என் பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தேன். ஒரு சந்தேகம். ரிசப்ஷன் மேடையில் சிவப்பு விளக்கு, மணப்பெண் சிவப்புப் பட்டு. படத்தின் மூன்று நிற அடுக்குகளில் சிவப்பு சேனல் முழுக்க உச்சியில் முட்டி நிற்கிறது, மடிப்பே இல்லை. ஆனால் பச்சை சேனலை மட்டும் தனியாகப் பார்த்தால் மடிப்பு வரிவரியாக இருக்கிறது. அதை எடுத்துப் புடவைக்குக் கொடுத்தேன், மடிப்பு வந்துவிட்டது. நிறம் மட்டும் நானாக ஊகித்தது. இது பதியாப் பகுதியா? ரசீதில் மீட்பு வரியில் போடுவதா, மற்ற வரியில் போடுவதா?

அனுப்புநர்: ஆல்பர்ட்

மடிப்பு மீட்பு, நிறம் வரைந்து சேர்த்தது. பாதி பதிந்ததற்கு "அரைப்பதிவு" என்று சொல்லலாமா என்று யோசிக்கிறேன். நன்மாறன் ஐயா என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.