வேலைக்கு ஆள் கேட்காத சின்ன கம்பெனிக்கு மெயில் போட்டவர்கள், என்ன நடந்தது என்று சொல்லுங்கள்

பேனல்போர்டு

நானே ஆரம்பிக்கிறேன். கோவையில் பம்ப் ஸ்டார்ட்டர் செய்கிற கம்பெனி, மொத்தம் இருபது பேர். ஆள் தேவை என்று எங்கேயும் போடவில்லை. நான் படித்தது ஈஈஈ, பேனல் வயரிங்கில் இரண்டு வருட அனுபவம்.

முதல் மெயிலை வெப்சைட்டில் இருந்த info@ முகவரிக்குப் போட்டேன். "தங்கள் மேலான நிறுவனத்தில் தகுந்த பணியிடம் இருப்பின்" என்று தொடங்கி, இரண்டு பக்க ரெஸ்யூம். பதிலே இல்லை. உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, அந்த இன்பாக்ஸைப் பார்ப்பது பில் போடுகிற அக்கா. கொட்டேஷன் கேட்டு வருவதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தொடவே மாட்டார்.

ஏப்ரலில் பொள்ளாச்சிப் பக்கம் மாமா தோட்டத்துக்குப் போனேன். அங்கே ஓடுவது அதே கம்பெனி ஸ்டார்ட்டர். போர்வெல்லில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே 'ட்ரை ரன்' என்று காட்டி நின்றுவிடுகிறது, மாமா திட்டிக்கொண்டே போய் மறுபடி போடுகிறார். மாட்டிய அன்று எலக்ட்ரீஷியன் டப்பாக் கதவின் உள்பக்கம் "9 ஆம்ப்ஸ்" என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார். கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 7.2. எதற்குக் கீழே போனால் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்கிற செட்டிங் 7.5. கோடையில் நீர்மட்டம் இறங்கினால் வருகிற தண்ணீர் குறையும், மோட்டார் எடுக்கிற கரண்டும் குறையும். ஸ்டார்ட்டருக்கு அது தெரியாது, தண்ணீரே இல்லை என்று நினைத்துக்கொள்கிறது.

மறுநாள் கம்பெனியின் லேண்ட்லைனுக்கு போன் போட்டேன். "ஸ்டார்ட்டர் டிசைன் யார் பார்க்கிறாங்க? ட்ரை ரன் பற்றி ஒரு விஷயம் மெயில் பண்ணணும்" என்றேன். பெயரும் மெயிலும் உடனே கிடைத்தது. மெயில் ஆங்கிலத்தில்தான் எழுதினேன், தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

தலைப்பு: 5 ஹெச்பி ஸ்டார்ட்டர், கோடையில் ட்ரை ரன் டிரிப், அளந்த ஆம்பியர்

"வணக்கம் சார். எங்கள் மாமா தோட்டத்தில் உங்கள் ஸ்டார்ட்டர் தண்ணீர் வரும்போதே ட்ரை ரன்னில் நிற்கிறது. மாட்டியபோது 9 ஆம்பியர், இப்போது 7.2, செட்டிங் 7.5. பைப்பில் காற்று வந்து தண்ணீர் நிஜமாகவே நின்றபோது 5.8. இரண்டுக்கும் நடுவே இடம் இருக்கிறது, செட்டிங்கை 6.5க்கு இறக்கிப் பார்க்கப்போகிறேன். நான் இரண்டு வருடமாகப் பேனல் வயரிங், டெஸ்டிங் செய்கிறேன். டெஸ்டிங்கிலோ சர்வீஸிலோ இன்னும் சில மாதங்களில் ஆள் சேர்ப்பதாக இருந்தால், ஒரு நாள் வந்து பதினைந்து நிமிடம் பேசலாமா?"

ரெஸ்யூம் இணைக்கவில்லை, அளந்ததைக் குறித்த தாளின் போட்டோ மட்டும். எட்டு நாள் சத்தமே இல்லை. ஒன்பதாவது நாள் அதே மெயிலுக்குக் கீழேயே ஒரு வரி போட்டேன்: "6.5 வைத்து ஒரு வாரம் ஆச்சு சார், ஒரு டிரிப்கூட இல்லை." அன்று சாயங்காலமே போன். பத்து நிமிடம் ஸ்டார்ட்டரைப் பற்றித்தான் பேசினார், அப்புறம்தான் "ரெஸ்யூம் இருந்தா அனுப்பும்மா" என்றார். உடனே வேலை இல்லை. இரண்டு மாதம் கழித்து, ரிட்டர்ன் வந்த போர்டுகளைப் பார்க்க ஒரு மாதம் வரச் சொன்னார். அதற்கும் சம்பளம் பேசிக்கொண்டுதான் போனேன். பிறகு நிரந்தரம்.

இருநூறுமெயில்

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? நான் ஒரே மாதிரி மெயிலை 200 கம்பெனிக்கு அனுப்பினேன். மூன்று பதில், ஒரு இண்டர்வியூ, அதில் வேலையும் கிடைத்தது. இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர் வரை போடலாம். எண்ணிக்கைதான் முக்கியம்.

பதினாலுபேர்

நான் மெயிலை வாங்குகிற பக்கம். சென்னையில் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறேன். இருநூறுமெயில் சொல்வதும் பொய் இல்லை, எங்கோ ஒரு இடத்தில் நிஜமாகவே ஆள் தேவைப்படும்போது அது போய் விழும். ஆனால் 500 என்பது ஜிமெயில் அனுப்ப விடுகிற அளவு. எதிரில் இருப்பவர் இன்பாக்ஸில் விழும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. புது முகவரியிலிருந்து ஒரே வாசகம் வரிசையாக வந்தால் ஸ்பாமுக்குப் போகும், போனது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

நான் மெயில் பார்ப்பது போனில், பெரும்பாலும் லிஃப்டில். தலைப்பும் முதல் வரியும்தான் கண்ணில் படும். முதல் வரியில் உங்கள் காலேஜ் பெயர் இருந்தால் அப்புறம் பார்க்கலாம் என்று விடுவேன், அந்த அப்புறம் வராது. 20ஆம் தேதியை ஒட்டி அனுப்பாதீர்கள், ஜிஎஸ்டி 3பி கட்டுகிற நேரம். மார்ச் கடைசி வாரமும் அப்படித்தான்.

எங்கள் பயம் ஒன்றுதான். சொல்லிக்கொடுத்து ஆறு மாதத்தில் பெரிய கம்பெனிக்குப் போய்விடுவார்களோ என்பது. பேனல்போர்டு மாமா தோட்டத்திலிருந்து எழுதினார் இல்லையா, அதைப் படித்தால் இந்தப் பெண்ணுக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது என்று தோன்றும். பதில் போடாமலே ஸ்டார் போட்டு வைத்து, நான்கு மாதம் கழித்துக் கூப்பிட்டு எடுத்த பையன் ஒருவன் என்னிடம் இருக்கிறான். அவன் ஒரே ஒரு முறைதான் ஞாபகப்படுத்தினான். மூன்றாவது தடவை வந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

மழைக்காதலன்

எனக்கும் ஒரு மெயில் வந்தது. நான் அப்ளை செய்யவே இல்லை, ஆஃபர் லெட்டர் அனுப்பியிருக்கிறார்கள், லேப்டாப் டெபாசிட் 2,500 கட்டச் சொல்கிறார்கள். கேட்காமலே போடுகிற கோல்ட் மெயில் என்பது இதுதானா?

பதினாலுபேர்

ஐயோ, இல்லை தம்பி. அது மோசடி, கட்டாதீர்கள். கட்டிவிட்டிருந்தால் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள்.

டெஸ்ட்கேஸ்

லேண்ட்லைனே இல்லாத கம்பெனிக்கு நான் செய்தது. முதலாளி பெயர், கம்பெனிகளைப் பதிவு செய்கிற எம்சிஏ அமைச்சகத் தளத்தில் டைரக்டர் பட்டியலில் இருந்தது. பெயரை முன்னே வைத்து, கம்பெனி டொமைனைப் பின்னே போட்டு முகவரியை ஊகித்தேன். தப்பாக இருந்தால் `550 5.1.1` என்று திரும்பி வரும், அடுத்த ஊகத்துக்குப் போகலாம். ஆனால் சில டொமைன்கள் எந்தப் பெயருக்கு அனுப்பினாலும் வாங்கிப் போட்டுக்கொள்ளும். திரும்பி வரவில்லை என்பதால் சரியான ஆளுக்குப் போய்விட்டது என்று நம்பி ஒரு மாதம் காத்திருந்தவன் நான்.

கண்ணாடிக்காரர்

பேனல்போர்டு சொன்னதில் எனக்கு ஒரு தயக்கம். நானும் அதே மாதிரி ஒரு கம்பெனி ஆப்பில் தவறு கண்டுபிடித்து எழுதினேன். பணம் கட்டும் பக்கத்தில் இன்னொருவர் பில் தெரிந்தது. வேலையும் கேட்டிருந்தேன். "மிரட்டுகிறீர்களா?" என்று பதில் வந்தது. அதிலிருந்து குறை சொல்லி எழுதவே பயம்.

பேனல்போர்டு

உங்களுடையது செக்யூரிட்டி விஷயம் அண்ணா. அதையும் வேலையையும் ஒரே மெயிலில் சேர்த்தால் விலை பேசுகிற மாதிரி ஆகிவிடும். என்னுடையது செட்டிங்கில் சரியாகிற விஷயம், சரி செய்தும் காட்டினேன்.

பதினாலுபேர்

அப்படியும் முழுதாகச் சொல்லிவிட முடியாது. ஸ்டார்ட்டரை டிசைன் செய்தவருக்கே அந்த மெயில் போயிருக்கிறது. அவர் வேறு மாதிரி ஆளாக இருந்தால் கோபப்பட்டிருப்பார். நானாக இருந்தாலும் படிக்கிற நாளைப் பொறுத்துத்தான்.

கண்ணாடிக்காரர்

அதைத்தான் கேட்கிறேன். போனில் பெயர் கேட்டபோது வேலை விஷயத்தைச் சொல்லவே இல்லையே, அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லையா?

பேனல்போர்டு

பில் போடுகிற அக்கா எடுத்துக்கொண்டார். போன் எடுத்ததும் அவர்தான். இப்போதும் டீ குடிக்கும்போது சொல்லிக்காட்டுவார்.