நட்சத்திர அதிபதிப் பொருத்தம்: எவ்வளவு எடை தரலாம்?

வணக்கம். என் தங்கைக்கு ரோகிணி, வந்திருக்கும் வரனுக்கு அனுஷம். ரஜ்ஜு, யோனி, வேதை எல்லாம் சரி. தினம் மட்டும் இல்லை. ராசி அதிபதிகள் சுக்கிரனும் செவ்வாயும் ஒருவருக்கொருவர் சமம்.

இதற்கு மேல், எங்கள் ஜோதிடர் நட்சத்திர அதிபதியையும் முதல் தசாநாதனையும் தனித்தனியாக ஒப்பிட்டு இரண்டு குறை சொல்கிறார். விம்சோத்தரியில் ஜென்ம நட்சத்திர அதிபதியின் தசைதானே முதலில் வரும்? இருவருக்கும் அது சந்திரன், சனி. ஒரே குறையை இரண்டு முறை எண்ணுவது நியாயமாகப் படவில்லை.

அந்தக் குறையும் ஒருபக்கம்தான். சனிக்குச் சந்திரன் பகை, சந்திரனுக்குச் சனி சமம். இப்படி இருந்தால் நீங்கள் பகை என்றே தள்ளுவீர்களா?

அப்புறம், முதல் தசை குழந்தைப் பருவத்திலேயே முடிந்துவிட்டது. தங்கைக்கு வயது 26. பிறக்கும்போது சந்திர தசையில் 5 வருடம் இருப்பு, எனவே ராகு தசை 30 வயது வரை. வரனுக்கு 29, சனி இருப்பு 9½, அதனால் கேது தசை 33½ வரை. எனக்கு இந்த ராகு, கேது சேர்க்கைதான் அதிகக் கவலை. இதுபோன்ற ஜாதகங்களை இணைத்துப் பார்த்தவர்கள் எதை முதலில் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்.